கடை திறக்கும் முன் ஒரு தாள்: தண்டையார்பேட்டைக் கடையில் போட்டி விலை பார்த்த கதை

தண்டையார்பேட்டையில், டி.எச். ரோட்டை ஒட்டி, அண்ணாச்சி ஒருவர் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கிறார். மிக்ஸி, கிரைண்டர், குக்கர், ஃபேன், அயர்ன் பாக்ஸ் என்று அந்தப் பக்கத்துக் கல்யாணச் சீர்வரிசையில் பாதி அங்கிருந்துதான் போகும். நான் வாரத்தில் மூன்று நாள் அங்கே கணக்கு எழுதப் போகிறவன். கொஞ்சம் பைத்தான் தெரியும் என்று ஒருநாள் வாய்விட்டதன் விளைவுதான் இந்த வேலை.

பிரச்சினை எல்லாக் கடையிலும் உள்ளதுதான். வாடிக்கையாளர் மிக்ஸியைத் தட்டிப் பார்த்துவிட்டு, போனை எடுத்து நீட்டுவார். "இன்னா அண்ணாச்சி, இதுல 3,849 காட்டுது, நீ 3,950 சொல்ற?" அந்த நேரத்தில் அண்ணாச்சி சொல்லும் பதில் குத்துமதிப்பாகத்தான் இருக்கும். சில நாள் தேவையில்லாமல் இறக்கிவிடுவார், சில நாள் இறக்காமல் ஆளை விட்டுவிடுவார். கவுண்டரில் இருக்கும் அக்கா, தினமும் காலையில் கடைக்கு வந்ததும் போனில் ஒவ்வொரு பொருளாகத் தேடி நீள நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரத்தில் இருபது பொருள் முடியும். அதற்குள் முதல் வியாபாரம் நடந்துவிடும்.

அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று: "கடை திறக்கும்போது, நேத்துக்கு இன்னைக்கு எது மாறிச்சுன்னு ஒரு தாள்ல வேணும் தம்பி."

முதலில் உட்கார்ந்து பட்டியல் போட்டோம். கடையில் நானூறு சொச்சம் பொருள் இருந்தாலும், வாடிக்கையாளர் போனைக் காட்டிப் பேரம் பேசுவது 58 பொருளுக்குத்தான். குண்டான், தட்டுக்கு யாரும் போனை எடுப்பதில்லை. இந்த 58-க்கும், போட்டியாக விற்கும் இரண்டு இணையதளங்களில் உள்ள சரியான பக்கத்தைக் கண்டுபிடித்து முகவரியை எழுதுவது இரண்டு நாள் வேலை. அதை நிரலிடம் விடவில்லை, அக்காவும் நானும் கையால் செய்தோம். பெயரை வைத்துத் தேடினால் மாட்டிக்கொள்வோம் என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிட்டது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே 750 வாட் மிக்ஸி. ஒன்றில் மூன்று ஜார், இன்னொன்றில் நான்கு ஜார், வித்தியாசம் நானூறு ரூபாய். படம்கூட ஒன்றுபோலத்தான் இருக்கும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணும் பக்கத்தில் உள்ள மாடல் எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால் மட்டுமே பட்டியலில் சேர்த்தோம். அப்படி முதல் தளத்தில் 51 பக்கம், இரண்டாம் தளத்தில் 44 பக்கம் கிடைத்தன.

மூன்றாவதாக ஒரு பெரிய தளமும் மனதில் இருந்தது. அதன் விதிமுறைப் பக்கத்தில், தானியங்கி நிரல் வைத்து விலை சேகரிக்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருந்தார்கள். அதை விட்டுவிட்டோம். "எல்லாரும்தான் எடுக்கிறாங்க" என்று அண்ணாச்சியின் மருமகன் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதியில்லாமல் ஒருவருடைய கணினியிலிருந்து தரவை எடுப்பதைப் பற்றிப் பேசுகிறது. எல்லாருக்கும் திறந்திருக்கும் விலைப் பக்கத்தை ஒரு நாளைக்கு ஒருமுறை பார்ப்பதும், வேண்டாம் என்று எழுதி வைத்த இடத்தில் நுழைவதும் ஒன்றல்ல. லாகின் செய்து பார்க்கும் விலை, கேப்சா வந்து நிற்கும் பக்கம், இவற்றையும் அன்றைக்கே ஒதுக்கிவிட்டோம். பெரிய தளத்தில் முக்கியமான ஆறு பொருளை மட்டும் அக்கா பழையபடி போனில் கையால் பார்ப்பது என்று முடிவானது.

மற்ற இரண்டு தளங்களிலும் விதிமுறையில் அப்படித் தடை எதுவும் இல்லை. அடுத்துப் பார்த்தது `robots.txt`. தளத்தின் வாசலில் மாட்டியிருக்கும் அறிவிப்புப் பலகை மாதிரி இது. 1994-இல் ஒரு வழக்கமாகத் தொடங்கி, 2022-இல் RFC 9309 என்று முறையான தரமாக வந்தது. முதல் தளத்தில் இருந்ததின் சாரம் இது:

```
User-agent: *
Disallow: /cart
Disallow: /search
Crawl-delay: 10
```

தேடல் பக்கம் வேண்டாம், பொருள் பக்கம் பார்க்கலாம், ஒரு பக்கத்துக்கும் அடுத்ததற்கும் பத்து நொடி இடைவெளி விடு என்று பொருள். `Crawl-delay` அந்தத் தரத்தில் கிடையாது, ஆனால் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றால் மதிப்பதில் நமக்கு என்ன நட்டம்?

இங்கே ஒரு சின்ன கண்ணி இருக்கிறது. பைத்தானில் இந்தக் கோப்பைப் படிக்க `RobotFileParser` உண்டு. அதன் `read()` போய்க் கேட்கும்போது நம் பெயரைச் சொல்லாது, `Python-urllib` என்று தன் பெயரைத்தான் சொல்லும். இரண்டாம் தளம் அந்தப் பெயரைக் கண்டாலே 403 கொடுத்துக் கதவைச் சாத்தியது. 403 வந்தால் அந்தக் கருவி "எதுவுமே பார்க்கக் கூடாது" என்று எடுத்துக்கொள்ளும். அரை நாள் இதில் போயிற்று. கோப்பை நம் பெயர் சொல்லி நாமே எடுத்து, வரிகளை `parse()`-க்குக் கொடுத்ததும் சரியாயிற்று. நம் பெயர் என்பது இதுதான்:

```
User-Agent: VilaiParvai/1.0 (daily price check; vilai@example.com)
```

உண்மையில் அங்கே கடையின் மின்னஞ்சலைத்தான் போட்டோம். உலாவி மாதிரி வேடம் போடலாமே என்று மருமகன் மறுபடியும் சொன்னார். அந்த மின்னஞ்சலால் பிறகு எங்களுக்குக் கிடைத்த உதவியை அப்புறம் சொல்கிறேன்.

வேகத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும். சோதனை நாளன்று, இடைவெளி விடும் வரியை "அப்புறம் போடலாம்" என்று விட்டுவிட்டேன். 51 பக்கம்தானே! முப்பது பக்கம் சரசரவென்று வந்தது, பிறகு 429. கேட்பது அதிகமாகிவிட்டது, நிறுத்து என்பதற்கான எண் அது. கூடவே `Retry-After: 3600`, அதாவது ஒரு மணி நேரம் கழித்து வா. என் நிரலோ தோல்வி வந்தால் மூன்று முறை திரும்பக் கேட்கும்படி எழுதப்பட்டிருந்தது. போகச் சொன்னவர் வீட்டு வாசலில் நின்று பெல்லை அடித்துக்கொண்டே இருந்த மாதிரி ஆகிவிட்டது. மதியம் அக்கா கடை வைஃபையில் அந்தத் தளத்தைத் திறக்கிறார், திறக்கவில்லை. கடையின் இணைப்பு முகவரியையே அவர்கள் தடுத்துவிட்டிருந்தார்கள். மறுநாள்தான் சரியாயிற்று.

அதற்குப் பிறகு எழுதியது:

```python
def get(url):
    time.sleep(20 + random.uniform(0, 8))
    r = session.get(url, timeout=30)
    if r.status_code in (403, 429, 503):
        raise StopSite(r.status_code, r.headers.get("Retry-After"))
    return r
```

அவர்கள் கேட்டது பத்து நொடி, நாங்கள் விடுவது இருபதிலிருந்து இருபத்தெட்டு. `StopSite` என்பது நானே வைத்த பெயர். அது எழும்பினால் அந்தத் தளத்தை அன்றைக்கு அத்தோடு விட்டுவிட வேண்டும், திரும்பக் கேட்பது கிடையாது. சராசரி 24 நொடி என்று வைத்தால் 51 பக்கத்துக்கு இருபது நிமிடம், 44 பக்கத்துக்குப் பதினெட்டு நிமிடம். ஒன்று முடிந்து இன்னொன்று ஓடினாலும் நாற்பது நிமிடத்துக்குள் முடிகிறது. கடை திறப்பது ஒன்பதரைக்கு. அதற்கு முன் நமக்கு என்ன அவசரம்?

இனி விலையைப் படிப்பது. இந்த வேலையின் உண்மையான வில்லங்கம் இதில்தான்.

முதல் பதிப்பில், பக்கத்தில் ₹ குறியோடு பெரிதாக வரும் முதல் எண்ணை எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தேன். இரண்டு வாரம் பிரமாதமாக ஓடியது. ஒரு சனிக்கிழமை காலை, தாளின் முதல் வரி: மூன்று ஜார் மிக்ஸி, முதல் தளம், நேற்று 3,849, இன்று 3,249. அண்ணாச்சி தாளைப் பார்த்தார், சனிக்கிழமைக் கூட்டத்தை நினைத்தார், 3,299 என்று அட்டையில் எழுதி வைக்கச் சொல்லிவிட்டார். மதியத்துக்குள் நாலு மிக்ஸி போயிற்று. சாப்பிட உட்காரும்போதுதான் அவருக்கே உறுத்தியிருக்கிறது. "தம்பி, நாம வாங்குறதே 3,420. இவன் எப்படி அதுக்குக் கீழ கொடுப்பான்?"

பக்கத்தைத் திறந்து பார்த்தால், அவர்கள் முந்தைய இரவு வடிவமைப்பை மாற்றியிருந்தார்கள். விலைக்கு மேலே புதிதாக ஒரு பட்டை, "பழைய மிக்ஸியைக் கொடுத்தால் ₹3,249". உண்மையான விலை அதே 3,849. நாலு மிக்ஸியிலும் தலைக்கு 121 ரூபாய் கைநட்டம், மொத்தம் 484. அவர்கள் விலைக்கே விற்றிருந்தாலும் வந்திருக்க வேண்டியதைப் பார்த்தால் 2,200. அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அதன் பிறகு கண்ணுக்குத் தெரியும் எண்ணை மட்டும் நம்புவதை விட்டேன். பெரும்பாலான கடைத் தளங்கள், தேடுபொறிகளுக்காக, பொருளின் விவரத்தைப் பக்கத்துக்குள் ஒழுங்கான வடிவில் எழுதி வைத்திருக்கும். `application/ld+json` என்ற துண்டில் இருக்கும்:

```json
{"@type": "Product", "sku": "MX750-3J",
 "offers": {"@type": "Offer", "price": "3849.00",
  "priceCurrency": "INR",
  "availability": "https://schema.org/InStock"}}
```

இங்கே எக்ஸ்சேஞ்ச் விலை கிடையாது, மாதத் தவணை கிடையாது, அடித்துக் காட்டும் எம்.ஆர்.பி.யும் கிடையாது. மாடல் எண் இருக்கிறது, கையிருப்பு இருக்கிறதா என்பதும் தெரிகிறது. ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. முதல் தளத்தில் சில நாள் இந்தத் துண்டில் ஒரு விலையும், பக்கத்தில் இன்னொரு விலையும் இருந்தன. அதனால் இரண்டையும் படித்து, ஒத்துப்போனால் மட்டும் "படித்தது" என்று பதிகிறோம். ஒத்துப்போகாவிட்டால் விலைக்குப் பதில் "கண்ணால் பார்" என்று வரும்.

அந்த முரண்பாட்டுக்குக் காரணத்தை அந்தத் தளத்துக்காரர்களே சொன்னார்கள். ஒருநாள் கடை மின்னஞ்சலுக்கு அவர்கள் தொழில்நுட்ப ஆள் ஒருவர் எழுதினார்: நீங்கள் யார், தினமும் ஐந்தரைக்கு எதற்கு வருகிறீர்கள்? நான் மறைக்காமல் பதில் எழுதினேன். சின்னக் கடை, 51 பக்கம், ஒரு நாளைக்கு ஒருமுறை, வேண்டாம் என்றால் நிறுத்திவிடுகிறோம். வந்த பதில் எதிர்பார்க்காதது. பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் ஐந்தரையிலிருந்து ஆறு வரை எங்கள் விலையும் கையிருப்பும் ஏறும் நேரம், அதை மட்டும் தவிருங்கள் என்றார். பாதி ஏறிய விலையைத்தான் நாங்கள் இத்தனை நாள் படித்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஆறரைக்கு மாற்றினோம், முரண்பாடு அநேகமாக நின்றே போயிற்று. வேடம் போட்டிருந்தால் அந்த ஆள் யாருக்கு எழுதியிருப்பார்?

இரண்டாவது விபத்து மிக்ஸி மாதிரிச் சத்தம் போடவில்லை. பக்கத்தைப் படிக்க முடியாவிட்டால் நேற்றைய விலையையே எடுத்துப் போடும்படி எழுதியிருந்தேன், தாள் ஓட்டை ஓட்டையாக இருக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில். இரண்டு லிட்டர் டேபிள்டாப் கிரைண்டர் ஒன்று, இரண்டாம் தளத்தில், ஒன்பது நாள் "மாற்றமில்லை 5,290" என்றே வந்தது. பத்தாம் நாள் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த ஒரு அம்மா போனைக் காட்டுகிறார், அதே தளத்தில் 4,790. அந்தப் பொருளின் முகவரி மாறியிருந்தது. பழைய முகவரிக்குப் போனால் 404 என்று சொல்லாமல், கிரைண்டர் வகைப் பக்கத்துக்கு அமைதியாகத் திருப்பிவிட்டிருந்தார்கள். பதில் எண் 200, எல்லாம் நலம் என்ற தோற்றம். உள்ளே நாம் கேட்ட பொருள் இல்லை.

விலை மாறவில்லை என்பது ஒரு செய்தி. விலையைப் பார்க்கவே இல்லை என்பது வேறு செய்தி. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டதுதான் என் தப்பு. இப்போது பக்கம் வந்ததும் முதலில் பார்ப்பது இரண்டு: கேட்ட முகவரியும் போய்ச் சேர்ந்த முகவரியும் (`r.url`) ஒன்றா, பக்கத்தில் நம் மாடல் எண் இருக்கிறதா. இல்லையென்றால் விலைக் கட்டம் காலியாகவே இருக்கும், கடைசியாக எந்தத் தேதியில் படித்தோம் என்பது பக்கத்தில் வரும். ஒப்பிடுவதும் நேற்றைய தேதியோடு அல்ல, கடைசியாக உண்மையில் படித்த விலையோடு.

"கண்ணால் பார்" வருவதற்கு இன்னும் மூன்று காரணம் வைத்தோம். விலை 12 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ வரும். மிக்ஸிக் கதையில் இறக்கம் பதினைந்தரை சதவீதம், பிடிபட்டிருக்கும். போட்டி விலை நாம் வாங்கிய விலைக்குக் கீழே போனால் வரும். இது அண்ணாச்சியின் சாப்பாட்டு வேளைக் கேள்வி, அப்படியே நிபந்தனையாக ஏறிவிட்டது. வாங்கிய விலை மட்டும் தாளில் அச்சாகாது, கவுண்டரில் கிடக்கும் தாளில் அது தெரிந்தால் பேரமே முடிந்தது. மூன்றாவது, ஒரே தளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பொருள்கள் ஒரே நாளில் மாறினால், தாளின் தலையிலேயே ஒரு எச்சரிக்கை வரும். ஒன்று அங்கே தள்ளுபடி தொடங்கியிருக்கும், இல்லை வடிவமைப்பு மாறியிருக்கும். மூன்று பக்கத்தைத் திறந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

தாள் எப்படி வருகிறது என்றால், 95 வரியும் வராது. மாறியதும் சந்தேகமானதும் மட்டும். சென்ற வாரம் ஒரு நாள் வந்தது இவ்வளவுதான்:

| பொருள் | தளம் | கடைசி விலை | இன்று | நம் விலை | குறிப்பு |
|---|---|---|---|---|---|
| மிக்ஸி 750 வாட், 3 ஜார் | 1 | 3,849 | 3,749 | 3,950 | 100 இறக்கம் |
| சீலிங் ஃபேன் 1200 மி.மீ. | 1 | 2,650 | 1,890 | 2,700 | கண்ணால் பார் |
| குக்கர் 5 லிட்டர் | 2 | 2,190 | 2,190 | 2,150 | அங்கே ஸ்டாக் இல்லை |
| கிரைண்டர் 2 லிட்டர் | 2 | 4,790 | | 4,950 | 2 நாளாகப் படிக்கவில்லை |

அடியில் ஒரு வரி: 95 பக்கத்தில் 93 படித்தது, 1 சந்தேகம், 1 படிக்கவில்லை. இந்த வரியை அண்ணாச்சி முதலில் பார்க்கப் பழகிவிட்டார். ஒருநாள் 93-க்குப் பதில் 44 என்று வந்தபோது, கொட்டுகிற மழையில் இணைப்பு பாதியில் போய்விட்டது என்று அவரே கண்டுபிடித்து, அன்றைக்குத் தாளை ஓரமாக வைத்துவிட்டார்.

ஃபேனை அக்கா திறந்து பார்த்தார். ஒரே பக்கத்தில் 1200 மி.மீ., 900 மி.மீ. இரண்டு அளவும் இருக்கின்றன. 1200 அங்கே தீர்ந்துபோனதால், பக்கம் திறந்ததும் 900-தான் தேர்வாகி நிற்கிறது. விலை உண்மைதான், நம் பொருளின் விலையல்ல. இப்படிப் பல அளவு உள்ள பக்கங்களில் விலைத் துண்டு `AggregateOffer` என்று வந்து, குறைந்த விலையை `lowPrice` என்று காட்டினாலும் இதே தொல்லைதான். அந்த வகைப் பக்கங்கள் எங்களிடம் ஏழு. அவற்றுக்கு மட்டும் அளவின் தனி எண்ணையும் பட்டியலில் எழுதி, அது ஒத்துப்போனால்தான் விலையை எடுக்கிறோம்.

குக்கர் வரியில் விலை மாறவே இல்லை. ஆனாலும் அண்ணாச்சிக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்த வரி அதுதான். அங்கே சரக்கு இல்லை என்றால் 2,150-ஐ இறக்க வேண்டிய அவசியமே இல்லை. மிக்ஸியை 3,850 ஆக்கினார். நூறு ரூபாய் கூட என்று யாராவது சொன்னால், வீட்டுக்கே ஆள் அனுப்பி மாட்டிக் கொடுக்கிறோம் என்பது அவர் பதில். எல்லா விலைக்கும் கீழே போக வேண்டும் என்று அவர் நினைப்பதில்லை, தெரிந்துகொண்டு பேச வேண்டும், அவ்வளவே.

கோப்பு சேமிப்பதில் ஒரு சின்ன விஷயம். `csv`-ஐ வெறும் `utf-8`-இல் சேமித்தால், எக்செலில் இருமுறை தட்டித் திறக்கும்போது தமிழெல்லாம் கிறுக்கலாக வரும். `utf-8-sig` என்று போட்டால் ஒழுங்காக வரும். தினசரிக் கோப்புகளை அழிப்பதில்லை, தேதி போட்டு வைத்திருக்கிறோம். பக்கத்தின் படம், விவரம், விமர்சனம் எதையும் எடுப்பதில்லை. மாடல் எண், விலை, கையிருப்பு, தேதி மட்டும்.

இந்தத் தாளுக்குத் தெரியாதவையும் உண்டு. காலை ஆறரைக்குப் பார்ப்பதால், பத்து மணிக்குத் தொடங்கும் தள்ளுபடி மறுநாள்தான் தெரியும். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மதியமும் ஒருமுறை ஓட்டச் சொன்னார் அண்ணாச்சி. முழுப் பட்டியலையும் ஓட்டாமல், அதிகம் போகும் பன்னிரண்டு பொருளுக்கு மட்டும் அதே இடைவெளியில் ஓட்டினேன். ஒரு தளத்துக்கு ஐந்து நிமிட வேலை. வங்கி அட்டைச் சலுகை, கூப்பன், டெலிவரிக் கூலி இவையெல்லாம் கூடையில் போட்ட பிறகுதான் தெரியும், கூடைப் பக்கத்துக்குப் போகாதே என்று `robots.txt`-இலேயே இருக்கிறது.

பெரிய தளத்தில் கையால் பார்க்கும் அந்த ஆறு பொருளை அக்கா இன்னும் நீள நோட்டில்தான் எழுதுகிறார். போன செவ்வாய்க்கிழமை, மிக்ஸி வரிக்கு எதிரே சிவப்பு மையில் ஒரு குறிப்பு இருந்தது: "கார்டு இருந்தா 375 கழியுது. நம்ம தெருவுல பாதிப் பேர்கிட்ட அந்தக் கார்டு கிடையாது." அண்ணாச்சி அதைப் படித்துவிட்டு, அன்றைக்கு விலையைத் தொடவில்லை.